கொடுத்தாரா, கொடுத்தனுப்பினாரா? – ‘விடு’ சேர்ந்த கூட்டுவினைகளும் சூழற்பொருளும்

படித்து அறிக

டெலானிபூரில் வாழும் ஒரு குடும்பத்தார் கோடை விடுமுறைக்காகச் சென்னைக்குப் புறப்பட்டனர். ஹட்டோ துறைமுகத்திலிருந்து கப்பல். சென்னையை அடைய ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். மாமா தம் வண்டியில் தாயையும் பிள்ளைகள் இருவரையும் துறைமுக வாயிலில் கொண்டுவந்து விட்டார். விட்டதும் வீடு திரும்பினார். வரிசையில் நின்றபோதுதான், பயணச்சீட்டும் அடையாள அட்டைகளும் அடங்கிய உறையை வீட்டு மேசையிலேயே விட்டுவிட்டது தாய்க்கு நினைவு வந்தது. உடனே அக்கா, வீட்டிலிருந்த பாட்டிக்குக் கைப்பேசியில் ஒரு செய்தி அனுப்பினாள்: “பாட்டி, மேசைமேல் இருக்கும் பழுப்பு உறையை மாமாவிடம் கொடுத்துவிடுங்கள்.”

சற்று நேரத்தில் விடை வந்தது: “கொடுத்துவிட்டேன், கண்ணு.”

தாய் ஆறுதல் அடைந்தார். கால் மணி நேரம் கழிந்தது. அரை மணி நேரமும் கழிந்தது. மாமா வரவில்லை. அக்கா பாட்டியைக் கைப்பேசியில் அழைத்தாள். “கொடுத்துவிட்டேன் என்றீர்களே, பாட்டி?” என்றாள். “ஆமாம், கொடுத்துவிட்டேன். பத்திரமாக வைத்திருப்பா என்றேன். அவனும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டான்” என்றார் பாட்டி. உறையில் இருந்தவை எவை என்பது பாட்டிக்குத் தெரியாது. அதன்பின் மாமா விரைந்து வந்து உறையைச் சேர்த்தார். கப்பலேறும் வாயில் மூடப்படுவதற்குச் சில நிமிடங்களே இருந்தன.

விளக்கம்

அக்கா எழுதிய வாக்கியத்தில் பிழை இல்லை. பாட்டி அதனைப் பொருள்கொண்டதிலும் பிழை இல்லை. ‘கொடுத்துவிடு’ என்னும் கூட்டுவினைக்கு இரண்டு பொருள்கள் உண்டு. அக்கா ஒன்றை எண்ணி எழுதினாள். பாட்டி மற்றொன்றை எண்ணிப் படித்தார்.

இரண்டு வினைகள் சேர்ந்து ஒரே வினைபோல் இயங்குவதைக் கூட்டுவினை என்பர். அதில் முன்னே நின்று அடிப்படைப் பொருளைத் தருவது முதல்வினை. பின்னே நின்று அதற்குத் துணையாகி, திணை, பால், எண், இடம், காலம் ஆகியவற்றைக் காட்டுவது துணைவினை. ‘படித்துவிட்டாள்’ என்பதில் ‘படி’ முதல்வினை, ‘விடு’ துணைவினை. இங்கே ‘விடு’ தன் சொந்தப் பொருளாகிய நீங்குதலையோ நீக்குதலையோ தரவில்லை. படித்தல் முற்றுப்பெற்றது என்பதை மட்டுமே காட்டுகிறது. ஆனால் எல்லா இடத்திலும் ‘விடு’ இவ்வாறு தன் பொருளை முழுதும் இழந்து நிற்பதில்லை. சிக்கல் இங்கேதான் தோன்றுகிறது.

‘கொடுத்துவிடு’ என்பதில் ‘விடு’ முற்றுப்பொருளைக் காட்டினால் ‘தவறாமல் கொடு’ என்று பொருள்படும். பாட்டி கொண்ட பொருள் இதுவே. ‘விடு’ அனுப்புதலைக் குறித்தால் ‘ஒருவர் வழியாக வேறொருவருக்கு அனுப்பு’ என்று பொருள்படும். அக்கா கருதியது இதனை. ‘சொல்லிவிடு’ என்பதும் இத்தகையதே. ‘உண்மையைச் சொல்லிவிட்டான்’ என்றால் கூறி முடித்தான் என்பது பொருள். ‘மருத்துவரை உடனே வரும்படி ஆளிடம் சொல்லிவிட்டார்’ என்றால் சொல்லியனுப்பினார் என்பது பொருள்.

இவ்விரு பொருள்களையும் பிரித்தறிய வேற்றுமை உருபு உதவும். ‘மாமாவுக்குக் கொடுத்துவிடுங்கள்’ என்று எழுதியிருந்தால், உறையைப் பெற்றுக்கொள்பவர் மாமாவே என்பது தெளிவு. ‘எங்களுக்கு மாமாவிடம் கொடுத்துவிடுங்கள்’ என்று எழுதியிருந்தால், பெறுபவர் ஒருவர், கொண்டுவருபவர் வேறொருவர் என்பது தெளிவு. ‘மாமாவிடம்’ என்பது மட்டும் தனியே நிற்கும்போது அவர் பெறுபவராகவும் இருக்கலாம், கொண்டுவருபவராகவும் இருக்கலாம். ஆகவே ‘இடம்’ என்னும் உருபோடு ‘கொடுத்துவிடு’ வருமாயின், ‘கு’ உருபு ஏற்ற வேறொரு பெயர் வாக்கியத்தில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். வாக்கியத்தில் இல்லையெனில் அதற்கு முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களில் தேட வேண்டும். அக்காவின் செய்தி ஒரே வாக்கியம். ஆதலால் பாட்டிக்குத் தேட இடமே இல்லை. ‘கொடுத்தனுப்புங்கள்’ என்று ஒரு சொல்லை மாற்றியிருந்தால் ஐயமே எழுந்திராது.

இடைவெளியும் எதிர்மறையும்

மேற்கண்ட பகுதியில் ‘கொண்டுவந்து விட்டார்’ என்பது இடைவெளியுடன் எழுதப்பட்டுள்ளது. மாமா மூவரையும் அழைத்துவந்தார், வாயிலில் இறக்கிவிட்டார் என இரண்டு செயல்கள் அங்கே உள்ளன. ‘விட்டார்’ என்பது அங்குத் துணைவினை அன்று. தனிப்பொருள் உடைய வினை. ‘மாமா உறையைக் கொண்டுவந்துவிட்டார்’ என்பதிலோ ஒரே செயல்தான் உண்டு. அது முடிந்தது என்பதைத் துணைவினை சுட்டுகிறது. ஆதலால் அதனைச் சேர்த்து எழுதுகிறோம். அச்சிட்ட நூல்களிலும் இதழ்களிலும் இவ்வேறுபாடு எப்போதும் பேணப்படுவதில்லை. எனவே இடைவெளியை மட்டும் நம்பிப் பொருள் கொள்ளுதல் கூடாது.

அதனினும் உறுதியான சோதனை ஒன்று உண்டு. வாக்கியத்தை எதிர்மறையாக்கிப் பார்க்க வேண்டும். ‘மாமா உறையைக் கொண்டுவந்துவிட்டார்’ என்பதன் எதிர்மறை ‘மாமா உறையைக் கொண்டுவரவில்லை’ என்பதாகும். முற்றுப்பொருள் தரும் ‘விடு’ எதிர்மறையில் மறைந்துபோகிறது. நடவாத செயலுக்கு முடிவு ஏது? ‘மாமா எங்களைத் துறைமுகத்தில் கொண்டுவந்து விட்டார்’ என்பதன் எதிர்மறையோ ‘கொண்டுவந்து விடவில்லை’ என்பதாகும். தனிப்பொருள் உடைய ‘விடு’ எதிர்மறையிலும் நிலைத்து நிற்கிறது. இச்சோதனையைப் பாட்டியின் விடைக்கும் பொருத்தலாம். ‘மாமாவிடம் உறையைக் கொடுக்கவில்லை’ என்றால் அவர் கையில் தரவில்லை என்பது பொருள். ‘மாமாவிடம் உறையைக் கொடுத்துவிடவில்லை’ என்றால் அவர் வழியாக அனுப்பவில்லை என்பது பொருள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. ‘அப்படியொன்றும் பெரிதாகச் சாதித்துவிடவில்லை’ என்பதுபோல் ஒருவர் எண்ணத்தை மறுத்துக் கூறும்போது முற்றுப்பொருள் ‘விடு’வும் எதிர்மறையில் வரும். அத்தகைய வாக்கியங்களில் ‘அப்படியொன்றும்’, ‘பெரிதாக’ போன்ற சொற்கள் பெரும்பாலும் உடன் வருவதால் அவற்றை எளிதில் இனங்காணலாம்.

‘விட்டுவிடு’

முதல்வினையும் ‘விடு’, துணைவினையும் ‘விடு’ ஆகிவரும்போது பொருள்கள் இன்னும் பெருகுகின்றன. இங்கே துணைவினை பெரும்பாலும் முற்றுப்பொருளே தரும்; பல பொருள்களுக்கு இடமாவது முதல்வினை. ‘உறையை மேசையில் விட்டுவிட்டார்’ என்றால் மறந்து வைத்தார். ‘வெற்றிலை போடும் பழக்கத்தை விட்டுவிட்டார்’ என்றால் கைவிட்டார். ‘வலையில் சிக்கிய ஆமையைக் கடலில் விட்டுவிட்டனர்’ என்றால் விடுவித்தனர். ‘ஐந்தாம் வினாவை விட்டுவிட்டாள்’ என்றால் விடையெழுதாது கடந்தாள். நான்கிலும் வினை ஒன்றே. ‘ஐ’ உருபு ஏற்ற பெயர்தான் பொருளை மாற்றுகிறது. மேசைமேல் உள்ள உறை, பழக்கம், உயிருள்ள ஆமை, வினா ஆகியவற்றைத் தனித்தனியே ‘விட்டுவிட்டார்’ என்பதோடு சேர்த்துச் சொல்லிப் பார்த்தாலே இது புலப்படும்.

‘ஐ’ உருபு ஏற்ற பெயரே இல்லாமலும் இவ்வினை வரும். மே மாதத்தின் பிற்பகுதியில் அந்தமானில் பருவமழை தொடங்கிய பின், ‘மழை விட்டுவிட்டது, கிளம்பலாம்’ என்று சொல்வது வழக்கம். இங்கு ‘விட்டுவிட்டது’ என்பது நின்றுவிட்டது எனப் பொருள்படும். ‘பள்ளி விட்டுவிட்டது’ என்பதும் இவ்வகையே. ஆனால் ‘பள்ளியை விட்டுவிட்டான்’ என்றால் படிப்பையே நிறுத்திவிட்டான் என்றாகிவிடும். ஓர் உருபு எவ்வளவு பெரிய செய்தியை மாற்றுகிறது என்பது காண்க.

டெலானிபூர்த் தெருக்களில் இந்தி பேசிப் பழகிய மாணவர்களுக்கு ‘சோட் தேனா’ என்னும் இந்திக் கூட்டுவினை நன்கு தெரியும். மறத்தல், கைவிடுதல், விடுவித்தல், ஓரிடத்தில் இறக்கிவிடுதல் ஆகியவற்றுக்கு அது தமிழின் ‘விடு’வோடு பெரிதும் ஒத்துச் செல்லும். மழைக்கோ ‘பாரிஷ் ருக் கயீ’ என்பதே இந்தி வழக்கு. கொடுத்தனுப்புவதற்கு ‘பேஜ் தேனா’ என்பர். ஆகவே ஒரு மொழியின் கூட்டுவினைக்குப் பிறிதொரு மொழியின் கூட்டுவினையை எல்லா இடத்திலும் ஈடாக வைக்க இயலாது.

பெயரும் உருபும் போதாத இடங்களும் உண்டு. ‘அவனை விட்டுவிடு’ என்னும் வாக்கியத்தை நோக்குக. காவலரிடம் சொன்னால் விடுதலை செய் என்பதாகும். அணித்தலைவனிடம் சொன்னால் சேர்த்துக்கொள்ளாதே என்பதாகும். தம்பியைச் சீண்டும் அண்ணனிடம் சொன்னால் தொந்தரவு செய்யாதே என்பதாகும். இவ்வாக்கியத்தை மட்டும் கொடுத்துப் பொருள் கேட்டால் எவராலும் சரியான விடை கூற இயலாது. பேசுபவர் யார், கேட்பவர் யார், முன் நிகழ்ந்தது என்ன என்பவற்றை அறிந்த பின்னரே பொருளைத் தேர வேண்டும். தேர்ந்த பொருளுக்குரிய தனிச்சொல்லை வாக்கியத்தில் வைத்துப் படித்து, அடுத்த வாக்கியத்தோடு அது இணங்குகிறதா என்று பார்த்தல் நன்று. ஐயம் நீங்காதபோது, 1992இல் முதலில் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி போன்ற எடுத்துக்காட்டு வாக்கியங்கள் தரும் அகராதியை நாடலாம்.

பயிற்சி

அ. கீழ்வரும் பகுதியில் ‘எடுத்துக்கொள்’ என்னும் கூட்டுவினை நான்கு இடங்களில் வந்துள்ளது. ஒவ்வோரிடத்திலும் அதன் பொருளை, கருதுதல், உட்கொள்ளுதல், தேவைப்படுதல், தன்னிடம் வைத்துக்கொள்ளுதல் ஆகியவற்றிலிருந்து தேர்ந்து எழுதுக. எச்சொல்லைக் கொண்டு தெரிந்தீர் என்பதையும் குறிப்பிடுக.

கப்பல் புறப்பட்டது. “இப்பயணம் மூன்று நாள் எடுத்துக்கொள்ளும், தலைசுற்றினால் இந்த மாத்திரையை எடுத்துக்கொள்” என்றார் தாய். “உறையை இனி நானே எடுத்துக்கொள்கிறேன்” என்றான் தம்பி. “நீயா? கடலில் போட்டுவிடுவாய்!” என்று நகைத்தாள் அக்கா. அவன் முகம் வாடியது கண்டு, “விளையாட்டுக்குச் சொன்னேன், தவறாக எடுத்துக்கொள்ளாதே” என்றாள்.

(மாதிரி விடை: முதலிடத்தில் தேவைப்படுதல். எழுவாய் ‘பயணம்’, ‘மூன்று நாள்’ காலத்தைக் குறிக்கிறது. பயணம் ஒரு பொருளைக் கையில் எடுக்கவோ உண்ணவோ இயலாது.)

ஆ. பின்வரும் வாக்கியங்களை எதிர்மறையாக்குக. எவற்றில் ‘விடு’ மறைகிறது, எவற்றில் நிலைக்கிறது என்று எழுதுக.

1. அக்கா பாடத்தை எழுதிவிட்டாள்.
2. அப்பா தம்பியைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டார்.
3. அத்தை எங்களுக்குப் பக்கத்து வீட்டாரிடம் தேங்காய் கொடுத்துவிட்டார்.

இ. அக்கா பாட்டிக்கு அனுப்பிய செய்தியை, ‘கொடுத்துவிடுங்கள்’ என்னும் வினையை மாற்றாமல், ஒரே பொருள் மட்டும் தோன்றும்படி திருத்தி எழுதுக.