வட்டம் போடும் முன் ஒரு வரி எழுதுங்கள்

கேட் தேர்வின் கணினி அறிவியல் தாளிலும் செமஸ்டர் தாள்களிலும் தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் பகுதியில் ஒரு வகைக் கேள்வி திரும்பத் திரும்ப வரும். "இன்ன தன்மையுள்ள பைனரி ஸ்ட்ரிங்குகளை மட்டும் ஏற்கும் டிஎஃப்ஏ வரைக" என்று செமஸ்டரில் கேட்பார்கள். "அந்த டிஎஃப்ஏ-வில் குறைந்தபட்சம் எத்தனை நிலைகள் தேவை" என்று கேட்டில் கேட்பார்கள். கேட்டில் 3 மணி நேரத்துக்குள் 65 கேள்விகள். ஒரு கேள்விக்கு மூன்று நிமிடம்கூடக் கிடைக்காது. வரைந்து பார்த்து, அழித்து, மறுபடி வரைய அங்கே இடமில்லை.

பெரும்பாலான மாணவர்கள் கேள்வியைப் படித்ததும் q0 என்று ஒரு வட்டத்தைப் போட்டுவிடுகிறார்கள். ஓர் எடுத்துக்காட்டு ஸ்ட்ரிங் ஓடும்வரை அம்புகளைச் சேர்க்கிறார்கள். அடுத்த ஸ்ட்ரிங் உதைத்தால் இன்னொரு வட்டம் போடுகிறார்கள். இப்படிப் பிறந்த படம் சரியா தவறா என்று வரைந்தவருக்கே தெரியாது. இதற்கு மாற்று எளிது: வட்டம் போடுவதற்கு முன், அந்த நிலைக்கு என்ன பொருள் என்று ஒரு வரி எழுதுங்கள். டிஎஃப்ஏ படித்த எழுத்தைத் திரும்பிப் பார்க்காது. அதன் நினைவு முழுவதும் 'இப்போது எந்த நிலையில் இருக்கிறேன்' என்பது மட்டும்தான். ஆகவே, இதுவரை வந்ததில் எதை நினைவில் வைத்தால் மீதியைத் தீர்மானிக்க முடியும் என்று கேட்டுக்கொண்டால், அதற்கான பதில்கள்தான் நிலைகள்.

1011 என்ற துண்டு எங்காவது உள்ள ஸ்ட்ரிங்குகள் என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். நினைவில் வைக்க வேண்டியது, படித்தவற்றின் கடைசிப் பகுதி 1011-இன் தொடக்கத்தோடு எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்பது. எனவே ஐந்து நிலைகள்: எதுவும் பொருந்தவில்லை, 1, 10, 101, 1011. முன்னோக்கிப் போகும் அம்புகளில் யாரும் தவறுவதில்லை. பொருத்தம் உடையும் இடத்தில்தான் மதிப்பெண் போகிறது. 101 என்ற நிலையில் 0 வந்தால் பலரும் அம்பைத் தொடக்க நிலைக்குத் திருப்பிவிடுகிறார்கள். நிலையின் பெயரோடு வந்த எழுத்தைச் சேர்த்து எழுதிப் பாருங்கள்: 1010. இதன் கடைசி இரண்டு எழுத்துகளான 10, நாம் தேடும் துண்டின் தொடக்கம். அதனால் அம்பு 10 என்ற நிலைக்குப் போக வேண்டும். தொடக்கத்துக்குத் திருப்பியிருந்தால் 101011 என்ற ஸ்ட்ரிங், உள்ளே 1011 இருந்தும், நிராகரிக்கப்பட்டுவிடும். அதே போல, 1 என்ற நிலையில் மறுபடி 1 வந்தால் அங்கேயே நிற்க வேண்டும்.

கேள்வி '1011 உள்ள' என்பதற்குப் பதில் '1011-இல் முடியும்' என்று இருந்தால் மாறுவது கடைசி நிலையின் இரண்டு அம்புகள் மட்டும். முன்பு எது வந்தாலும் அங்கேயே சுழன்றோம். இப்போது 0 வந்தால் 10-க்கும், 1 வந்தால் 1-க்கும் போக வேண்டும். '1011 இல்லாத' என்றால் முதல் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஏற்கும் நிலைகளையும் ஏற்காத நிலைகளையும் மாற்றிப் போட்டால் போதும். 1011 என்ற நிலை அப்போது மீளமுடியாத செத்த நிலையாகிறது. டிஎஃப்ஏ-வில் நிலைகளை எண்ணும்போது அதையும் சேர்த்தே எண்ண வேண்டும், ஆகவே விடை ஐந்துதான். இந்த மாற்றிப்போடல் எல்லா அம்புகளும் உள்ள டிஎஃப்ஏ-வுக்குத்தான் செல்லும், என்எஃப்ஏ-வில் செல்லாது.

இனி, இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி: பைனரி எண்ணாகப் படித்தால் 3-ஆல் வகுபடும் ஸ்ட்ரிங்குகள். எண் எவ்வளவு பெரிதானாலும் முழு எண்ணையும் நினைவில் வைக்கத் தேவையில்லை, 3-ஆல் வகுத்தால் வரும் மீதி போதும். இடமிருந்து வலமாகப் படிக்கும்போது ஒரு புதிய பிட் வந்தால், பழைய எண் இரட்டித்து அந்த பிட் கூடுகிறது. எனவே பழைய மீதி r, புதிய பிட் b என்றால், புதிய மீதி 2r + b-ஐ 3-ஆல் வகுத்த மீதி. படம் போடுவதற்கு முன்பே அட்டவணை தயார்:

```
மீதி    0 வந்தால்    1 வந்தால்
 0         0            1
 1         2            0
 2         1            2
```

தொடக்க நிலையும் ஏற்கும் நிலையும் மீதி 0. மூன்றுக்கும் குறைவான நிலைகளில் முடியாதா? மீதி 0 ஏற்கும் நிலை, மற்ற இரண்டும் ஏற்காதவை. ஆகவே அது தனி. மீதி 1-ஐயும் 2-ஐயும் ஒன்றாக்க முடியுமா என்று பார்க்க, இரண்டின் பின்னும் 1 சேர்த்துப் பாருங்கள். 1 என்பது 11 ஆகிறது, அதாவது 3, ஏற்கப்படும். 10 என்பது 101 ஆகிறது, அதாவது 5, ஏற்கப்படாது. ஒரே வால் சேர்த்தும் தீர்ப்பு மாறுவதால் அவை இரண்டும் வெவ்வேறு நிலைகளாகத்தான் இருக்க முடியும். மைஹில்-நெரோடு தேற்றத்தின் சாரம் இதுதான். குறைந்தபட்ச நிலை கேட்கும் எந்தக் கேள்விக்கும் இந்த 'வால் சோதனை' உதவும்.

வெற்று ஸ்ட்ரிங்கை ஏற்பதா என்பதைக் கேள்வியில் கவனித்துப் படியுங்கள். மேலே உள்ள படம் அதை ஏற்கிறது. ஏற்கக் கூடாது என்றால் தொடக்கத்துக்கு ஒரு தனி நிலை வேண்டும். அதன் அம்புகள் மீதி 0-இன் அம்புகளைப் போலவே இருக்கும், ஆனால் அது ஏற்காத நிலை. அப்போது விடை 3 அல்ல, 4.

வகுக்கும் எண் இரட்டைப்படையாக இருந்தால் மீதிகளின் எண்ணிக்கையே விடை என்று எழுதுவது அடுத்த பொறி. 4-ஆல் வகுபடும் எண்களுக்கு மீதிகள் நான்கு. ஆனால் மீதி 1-க்கும் 3-க்கும் அம்புகளைக் கணக்கிடுங்கள்: இரண்டுமே 0 வந்தால் 2-க்கும், 1 வந்தால் 3-க்கும் போகின்றன. இரண்டும் ஏற்காத நிலைகள். ஆகவே ஒன்றாகிவிடுகின்றன, விடை 3. 6-க்கும் இதே வேலைதான். மீதி r-உம் r + 3-உம் ஒரே இடங்களுக்குப் போகும், ஏனென்றால் 3-ஐ இரட்டித்தால் 6, அது மறைந்துவிடும். 1-உம் 4-உம் சேரும், 2-உம் 5-உம் சேரும். 0-உம் 3-உம் மட்டும் சேராது, ஒன்று ஏற்கும் நிலை, மற்றது ஏற்காதது. விடை 4. அட்டவணையில் ஒரே மாதிரியான வரிகளைத் தேடினாலே இது கண்ணில் படும். ஒரு சுற்று சேர்த்தபின் புதிதாக ஒத்துப்போகும் வரிகள் தோன்றலாம் என்பதால், மாற்றம் நிற்கும்வரை மறுபடி பார்க்க வேண்டும்.

இப்படி வகுபடும் எண்களுக்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதச் சொன்னால் யோசித்து எழுத முயல வேண்டாம். 3-ஆல் வகுபடும் எண்களுக்கு நேரடியாக ஒரு வடிவம் யாருக்கும் தோன்றாது. நிலைகளை ஒவ்வொன்றாக நீக்குவதுதான் வழி. முதலில் மீதி 2-ஐ நீக்குவோம். அதற்குள் போகும் வழி ஒன்றுதான், மீதி 1-இலிருந்து 0. உள்ளே 1 எத்தனை முறை வந்தாலும் சுழலும். வெளியே வரும் வழியும் ஒன்றுதான், 0 வந்து மீதி 1-க்குத் திரும்புவது. ஆகவே அந்த நிலை போய், மீதி 1-இன் மேல் 01\*0 என்ற சுழல் வருகிறது. அடுத்து மீதி 1-ஐ நீக்குவோம். மீதி 0-இலிருந்து 1 வந்து அதற்குள் போகிறோம், 01\*0 எத்தனை முறை வேண்டுமானாலும் சுற்றுகிறோம், 1 வந்து மீதி 0-க்குத் திரும்புகிறோம். மீதி 0-க்கு ஏற்கெனவே 0 என்ற சுழல் உண்டு. இரண்டையும் சேர்த்தால்:

```
(0 + 1(01*0)*1)*
```

எந்த வரிசையில் நீக்கினாலும் விடை சரிதான், ஆனால் எழுத்து வடிவம் வேறாகத் தெரியும். கேட்டில் நான்கு விருப்பங்கள் தரும்போது உங்கள் வடிவம் அவற்றில் இல்லையென்றால் பதற வேண்டாம். ஒவ்வொரு விருப்பத்தையும் சிறிய எண்களால் சோதியுங்கள். 11, 110, 1001 ஆகியவை, அதாவது 3, 6, 9, பொருந்த வேண்டும். 1, 10, 101 பொருந்தக் கூடாது. பெரும்பாலும் 1001-லேயே தவறான விருப்பம் சிக்கிவிடும், ஏனென்றால் அது மீதி 2 வழியாகச் சென்று திரும்பும் பாதையைத் தொடுகிறது.

வீட்டில் பயிற்சி செய்யும்போது பைத்தானில் சரிபார்த்துக்கொள்ளலாம். தாளில் எழுதும் + அங்கே | என்று மாறும்:

```python
import re
r = re.compile(r'(0|1(01*0)*1)*')
for n in range(200):
    s = format(n, 'b')
    if bool(r.fullmatch(s)) != (n % 3 == 0):
        print(n, s)
```

எதுவும் அச்சாகவில்லை என்றால் அந்த 200 எண்களுக்கும் வடிவம் சரியாக இருக்கிறது. `fullmatch`-க்குப் பதில் `search` எழுதினால் சோதனையே பொய்யாகிவிடும். வெளியே \* இருப்பதால் அது வெற்றுத் துண்டோடு எல்லா ஸ்ட்ரிங்கிலும் பொருந்திவிடும்.

கடைசியிலிருந்து மூன்றாவது எழுத்து 1 ஆக இருக்கும் ஸ்ட்ரிங்குகள் என்ற கேள்வியில் கதை தலைகீழ். இங்கே ரெகுலர் எக்ஸ்பிரஷன் ஒரே மூச்சில் வரும்: (0+1)\*1(0+1)(0+1). என்எஃப்ஏ-வுக்கு நான்கு நிலைகள் போதும், இதுதான் அந்த 1 என்று ஊகித்துவிட்டு இரண்டு எழுத்தை எண்ணினால் முடிந்தது. டிஎஃப்ஏ-வால் ஊகிக்க முடியாது. முடிவு எப்போது வரும் என்று தெரியாததால் கடைசி மூன்று பிட்டுகளையும் நினைவில் வைத்திருக்க வேண்டும், ஆகவே நிலைகளின் பெயர்கள் 000 முதல் 111 வரை எட்டு. ஒன்றும் படிக்காத தொடக்கத்துக்குத் தனி நிலை வேண்டுமா என்று பலர் தயங்குவார்கள். வேண்டாம், முன்னால் 000 இருந்ததாகக் கொண்டால் தீர்ப்பு எதுவும் மாறாது. எட்டையும் குறைக்க முடியாது என்பதையும் வால் சோதனையே சொல்லும். 011-ஐயும் 001-ஐயும் எடுத்தால் அவை நடு பிட்டில் வேறுபடுகின்றன. ஒரு 0 சேர்த்தால் அந்த பிட் கடைசியிலிருந்து மூன்றாவதாகிவிடும், ஒன்று ஏற்கப்படும், மற்றது ஏற்கப்படாது. எந்த இரண்டு நிலைகளை எடுத்தாலும் அவை வேறுபடும் பிட்டை அந்த இடத்துக்குத் தள்ள ஒரு வால் கிடைக்கும். மூன்றாவது என்பதற்குப் பதில் k-ஆவது என்று கேட்டால் விடை என்எஃப்ஏ-வுக்கு k + 1, டிஎஃப்ஏ-வுக்கு 2-இன் k அடுக்கு.