கிராம் நேர் கோளக் கிருமிகள்: பாதைப்படமும் அட்டவணையும்

கிராம் சாயத்தில் ஊதாநிறம் ஏற்கும் கோள பாக்டீரியாக்களை இனங்காணும் முறையை மனனம் செய்வோர், ஹைட்ரஜன் பெராக்சைடு பட்டதும் குமிழிகள் எழுகின்றனவா என்று காட்டும் கேட்டலேஸ் சோதனையைப் பாதைப்படத்தின் உச்சியில் எழுதி, குமிழி எழுப்புவனவற்றை ஸ்டாஃபைலோகாக்கஸ் கிளையிலும், எழுப்பாதவற்றை ஸ்ட்ரெப்டோகாக்கஸ், என்டரோகாக்கஸ் கிளையிலும் பிரிப்பது நன்று. இரத்த அகாரிலிருந்து எடுத்த மாதிரியில் ஒட்டிவரும் சிவப்பணுக்களிலும் கேட்டலேஸ் உண்டு. அவை பொய்யாகக் குமிழி எழுப்பக்கூடும் என்பதை அம்புக்குறியின் ஓரத்திலேயே குறித்துவைக்க வேண்டும்.

முதற்கிளையில், பிளாஸ்மாவை உறையச் செய்யும் கோஆகுலேஸ் இருப்பின் பெரும்பாலும் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஆகும். இல்லையெனில் நோவோபயோசின் வில்லை அடுத்த கேள்வியாகிறது. சிறுநீர்த்தொற்றுள்ள இளம்பெண்ணின் மாதிரியில் வளர்ந்த கிருமி குமிழி எழுப்பி, பிளாஸ்மாவை உறையச் செய்யாமல், அம்மருந்தையும் எதிர்த்து நின்றால், படத்தைத் தொடரும் விரல் சாப்ரோஃபைட்டிகஸில் வந்து நிற்கும். மருந்துக்குக் கட்டுப்பட்டால் எபிடெர்மிடிஸை நோக்கிச் செல்லும்.

ஒப்பீட்டு அட்டவணையை எல்லாக் கிருமிகளுக்கும் வரையாமல், இரத்த அகாரில் ஒரேபோல் பச்சைநிற வளையம் தந்து, ஆப்டோசின் வில்லையில் வேறுபடும் நிமோனியே, விரிடன்ஸ் போன்ற குழப்பும் இணைகளுக்கே ஒதுக்குவது சிறந்தது. இவற்றுள் ஆப்டோசினுக்குக் கட்டுப்படுவது நிமோனியே.