கைதான நாளில் அவர் யார்?

அன்புள்ள தம்பி,

தேவயானி கோப்ரகடே வழக்கைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். வியன்னா உடன்படிக்கைகளின் பாலபாடம் நம் இருவருக்கும் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை. 'தூதரக விலக்குரிமை பெற்ற அதிகாரியை நியூயார்க்கில் கைது செய்துவிட்டார்கள்' என்று முதல் பத்தியிலேயே எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

2013 டிசம்பர் 12-ஆம் தேதி அவர் கைதானபோது துணை கான்சல் ஜெனரலாக இருந்தார். வாஷிங்டன் தூதரகத்தில் இருக்கும் தூதருக்கான 1961 உடன்படிக்கை வேறு, கான்சலுக்கான 1963 உடன்படிக்கை வேறு. தூதரை எந்தக் குற்றத்துக்கும் கைது செய்ய முடியாது. கான்சலுக்கோ அலுவல் சார்ந்த செயல்களுக்கு மட்டும்தான் காப்பு உண்டு. கடுமையான குற்றம் என்றால், நீதிமன்றத்தின் உத்தரவோடு அவரைக் கைது செய்யலாம். வீட்டு வேலைக்கு வந்த பெண்ணின் விசா விண்ணப்பத்தில் ஒரு சம்பளம் காட்டி, கையில் வேறு சம்பளம் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. அது அலுவல் வேலை ஆகாது என்பது அமெரிக்காவின் வாதம். அவரை நடத்திய விதம் குறித்து இந்தியாவுக்கு வந்த கோபம் நியாயமானது. ஆனால் கோபம் நியாயம் என்பதற்காக, இல்லாத விலக்குரிமையை நாம் எழுதிச் சேர்க்கக்கூடாது.

நான் ஜூனியராக இருந்த காலத்தில் நுங்கம்பாக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். குடியிருந்த வெளிநாட்டு கான்சல் வாடகை பாக்கி வைத்திருக்கிறார், வழக்குப் போட முடியுமா என்று கேட்டார். அவர் கொண்டுவந்த காகிதக் கட்டை என் சீனியர் தொடக்கூட இல்லை. வாடகை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் கேட்டு வாங்கிப் பார்த்தார். கையெழுத்து சொந்தப் பெயரில் இருந்தது. அரசின் சார்பில் என்று ஒரு சொல்லும் இல்லை. "இவர் தன் பேரில் போட்ட ஒப்பந்தம், நோட்டீஸ் தயார் பண்ணு" என்றார். விலக்குரிமை என்ற பேச்சு வந்தாலே நான் முதலில் கேட்பது அன்று கற்றதைத்தான்: யார் அவர், எந்தப் பதவியில், எந்தத் தேதியில்?

தேதி என்பது இந்த வழக்கின் உயிர்நாடி. நீங்கள் அதை ஒரே வாக்கியத்தில் தாண்டிவிட்டீர்கள். கைதுக்குப் பிறகு இந்தியா அவரை ஐ.நா.வுக்கான தன் தூதுக்குழுவுக்கு மாற்றியது. 2014 ஜனவரி 8 அன்று அமெரிக்கா அதை ஏற்றதும் அவருக்கு முழு விலக்குரிமை வந்துவிட்டது. அதை விட்டுக்கொடுக்கும்படி அமெரிக்கா கேட்டது, இந்தியா மறுத்தது. மறுநாள் 9-ஆம் தேதி கிராண்ட் ஜூரி அவர்மீது குற்றப்பத்திரம் தந்தது. அன்றிரவே அவர் நாட்டைவிட்டுக் கிளம்பினார். மார்ச் 12 அன்று நீதிபதி ஷைரா ஷைன்ட்லின் அந்தக் குற்றப்பத்திரத்தைத் தள்ளுபடி செய்தார். கைதின்போது விலக்குரிமை இல்லாதிருந்தாலும், குற்றப்பத்திரம் வந்த நாளில் இருந்தது. ஆகவே அது செல்லாது. இரண்டே நாளில் அரசுத் தரப்பு புதிய குற்றப்பத்திரம் வாங்கியது. அவர் நாட்டைவிட்டுப் போய்விட்டதால் அந்தத் தடை அப்போது நீங்கியிருந்தது. குற்றம் மறையவில்லை, நிரபராதி என்ற தீர்ப்பும் இல்லை. ஒரு குறிப்பிட்ட நாளில் அந்த நீதிமன்றத்தின் கதவு மூடியிருந்தது, அவ்வளவுதான். 'தப்பித்துவிட்டார்' என்று நீங்கள் எழுதியது அதனால்தான் தவறு.

ஏன் இப்படி ஒரு கதவை மூடி வைக்கிறார்கள் என்று கட்டுரையின் நடுவில் கேட்டுவிட்டு, தூதரின் கௌரவம் என்று பதில் சொல்லியிருக்கிறீர்கள். கௌரவம் அல்ல, தம்பி. இரண்டு அரசுகள் முரண்படும்போது, தூதர் இருக்கும் நாட்டின் கையில்தான் போலீஸும் சிறையும் இருக்கின்றன. பொய் வழக்கு ஒன்று போட்டாலே போதும், எதிர்த்தரப்பின் வாயை அடைத்துவிடலாம். இங்கே நீங்கள் அவர்கள் தூதரைத் தொட்டால், அங்கே உங்கள் தூதரைத் தொடுவார்கள். அந்த அச்சம் இருபக்கமும் இருப்பதால்தான் விதி நிற்கிறது.

விலக்குரிமை அனுப்பிய அரசின் சொத்து, அதிகாரியின் சொத்து அல்ல. 1997 ஜனவரியில் ஜார்ஜிய நாட்டுத் தூதரகத்தின் இரண்டாம் நிலை அதிகாரி வாஷிங்டனில் குடித்துவிட்டுக் கார் ஓட்டி, 16 வயதுப் பெண்ணின் சாவுக்குக் காரணமானார். அவருக்கு முழு விலக்குரிமை இருந்தது. ஜார்ஜிய அரசு அதை விட்டுக்கொடுத்தது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அமெரிக்கச் சிறைக்குப் போனார். விட்டுக்கொடுப்பதா என்ற கேள்வியை யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவருடைய அரசிடம்தான் கேட்டார்கள்.

அந்த வேலைக்காரப் பெண்ணின் நாளை, எழுந்த நேரத்திலிருந்து விளக்கணைத்த நேரம்வரை, நீங்கள் எழுதிய பக்கம் ஒன்று இருக்கிறது. இந்த வழக்கைப் பற்றி நான் படித்தவற்றில் அதற்கு நிகரானது இல்லை. அதில் ஒரு சொல்லையும் தொடாதீர்கள். முதல் பத்தியைக் கிழித்துப்போட்டுவிட்டு, டிசம்பர் 12, ஜனவரி 8, 9, மார்ச் 12 என்ற வரிசையில் திரும்ப எழுதி எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்