டெஸ்டிங்குக்கு எத்தனை மணி நேரம்? ஒரு ஸ்டோரியை வைத்துக் கணக்குப் போடும் முறை

ஸ்பிரிண்ட் பிளானிங் மீட்டிங்கில் டெவலப்பர்கள் பேசி முடித்ததும், "டெஸ்டிங்குக்கு எவ்வளவு?" என்று நம் பக்கம் திரும்புவார்கள். நானும் பல வருடங்கள் "இரண்டு நாள்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு நாள் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. இப்போது நான் பின்பற்றும் முறையை ஒரே ஒரு ஸ்டோரியை எடுத்துக்கொண்டு படிப்படியாகச் சொல்கிறேன்.

ஆன்லைன் கடை ஒன்றின் ஸ்டோரி அது: "பல பொருட்கள் உள்ள ஆர்டரில், அனுப்பும் முன் ஒரு பொருளை மட்டும் ரத்து செய்தால், அதற்குரிய பணம் வாடிக்கையாளருக்குத் திரும்பிச் செல்ல வேண்டும்." ஸ்பிரிண்ட் 10 வேலை நாட்கள்.

1. எண்ணுக்கு முன் கேள்வி

ஸ்டோரியைப் படித்ததும் ஓர் உதாரண ஆர்டரைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். ₹600 விலையில் இரண்டு பொருட்கள். ₹1000-க்கு மேல் வாங்கினால் ₹200 தள்ளுபடி தரும் கூப்பன். வாடிக்கையாளர் கட்டியது ₹1000. இப்போது ஒரு பொருளை ரத்து செய்கிறார். திரும்பத் தர வேண்டியது எவ்வளவு?

தள்ளுபடியை இரண்டு பொருளுக்கும் சமமாகப் பிரித்தால் ₹500. மீதமுள்ள ₹600 ஆர்டருக்குக் கூப்பன் செல்லாது என்று எடுத்தால் ₹400 மட்டுமே. எது சரி என்று ஸ்டோரியில் எழுதப்படவில்லை. இதைப் புராடக்ட் ஓனரிடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் டெவலப்பர் ஒன்றை நினைத்து எழுதுவார், நீங்கள் இன்னொன்றை நினைத்து பக் போடுவீர்கள், அந்த வாக்குவாதத்திலேயே ஒரு நாள் போய்விடும்.

2. எத்தனை டெஸ்ட் என்று எண்ணுதல்

பணம் கட்டும் வழிகள் 4: யுபிஐ, கார்டு, வாலட், கேஷ் ஆன் டெலிவரி. கூப்பன் நிலைகள் 3: கூப்பன் இல்லை, சதவீதத் தள்ளுபடி, குறைந்தபட்சத் தொகை கேட்கும் கூப்பன். ரத்து நிலைகள் 2: மற்ற பொருட்கள் மிச்சம் இருக்கும்போது ரத்து, கடைசியாக மிஞ்சிய பொருளையும் ரத்து. பெருக்கினால் 24.

அத்தனையும் தேவையில்லை. தொகையைக் கணக்கிடும் பகுதி எந்த வழியில் பணம் வந்தது என்று பார்ப்பதில்லை என்று டெவலப்பர் உறுதி சொன்னால், 6 கணக்கு நிலைகளையும் யுபிஐயில் மட்டும் பார்த்துவிட்டு, மற்ற மூன்று வழிகளுக்கும் ஒவ்வொரு டெஸ்ட் வைத்தால் போதும். மொத்தம் 9. அந்த உறுதியையும் ஸ்டோரியின் கீழே ஒரு வரி எழுதி வையுங்கள். அது பொய்த்தால் உங்கள் எண்ணும் மாறும் என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

3. வேலையைத் துண்டுகளாக்குதல்

டெஸ்டை ஓட்டும் நேரத்தை மட்டும் எண்ணுவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. என் பட்டியல் இப்படி:

- டெஸ்ட் கேஸ் எழுத: 2 மணி
- ஆர்டர், கூப்பன், பேமெண்ட் சாண்ட்பாக்ஸ் தயார் செய்ய: 3 மணி
- முதல் சுற்று, 9 டெஸ்ட், ஒன்றுக்கு அரை மணி: 4.5 மணி
- பக் எழுதி, சரிசெய்து வந்ததை மறுபடி பார்க்க: 4 மணி
- முழு ஆர்டர் ரத்து பழையபடியே வேலை செய்கிறதா என்று பார்க்க: 2.5 மணி

மொத்தம் 16 மணி.

4. தெரியாததைத் தனியே பிரித்தல்

இந்த ஐந்தில் மூன்று ஓரளவு உறுதியானவை, அவை 9 மணி. மீதி இரண்டும் நம் கையில் இல்லை. வாலட் சாண்ட்பாக்ஸ் பகுதித் தொகையைத் திருப்பித் தருவதை ஏற்குமா என்று யாரும் பார்த்ததில்லை. எத்தனை பக் வரும் என்றும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இந்த இரண்டுக்கு மட்டும் மூன்று எண்கள் போடுங்கள்: எல்லாம் நன்றாக நடந்தால், வழக்கமாக நடந்தால், மோசமாக நடந்தால். சாண்ட்பாக்ஸுக்கு 2, 3, 10. பக் வேலைக்கு 2, 4, 9.

அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1958-ல் உருவான பெர்ட் முறையில் இவற்றை ஒரே எண்ணாக்கலாம்:

```
(O + 4M + P) / 6
```

O நல்ல நிலை, M வழக்கமான நிலை, P மோசமான நிலை. சாண்ட்பாக்ஸ் 4 மணி, பக் வேலை 4.5 மணி என்று வரும். உறுதியான 9-ஐச் சேர்த்தால் 17.5. திட்டப் பலகையில் போட இந்த எண் சரி. ஆனால் குழுவிடம் இதை மட்டும் சொன்னால், சாண்ட்பாக்ஸ் என்ற பள்ளம் அந்தச் சராசரிக்குள் மறைந்துவிடும்.

5. மணியை நாளாக மாற்றுதல்

ஒரு நாளில் டெஸ்டிங்குக்கு உண்மையில் கிடைப்பது எனக்கு 5 மணிதான். எழுதுவதும் தயார் செய்வதும் பில்ட் வருமுன்பே முடியும். பில்ட் வந்த பிறகு மிஞ்சுவது 4.5 + 4 + 2.5, அதாவது 11 மணி. 7-ம் நாள் மாலை பில்ட் வந்தால் இன்னும் மூன்று நாள் இருக்கும். கடைசி நாள் ரிவியூ மீட்டிங் போக 13 மணி கிடைக்கும், வேலை அடங்கிவிடும். பில்ட் ஒரு நாள் தள்ளினால் 8 மணிதான், அடங்காது. பக் அதிகமாகி 16 மணி ஆனாலும் அடங்காது.

6. குழுவிடம் சொல்லுதல்

எண்ணோடு அதன் நிபந்தனையையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் சொல்வது இப்படி இருக்கும்:

"வழக்கம்போல போனா 16 மணி. வாலட் சாண்ட்பாக்ஸ் ஒத்துழைக்கலைன்னா 23 ஆயிடும். பக்கும் அதிகமா வந்தா 28 வரைக்கும் போகும். சாண்ட்பாக்ஸை நாளைக்கே பாத்துட்டு, மறுநாள் ஸ்டாண்ட்-அப்ல சொல்லிடறேன். பில்ட் 7-ம் நாள் சாயந்திரத்துக்குள்ள வரணும்."

புராடக்ட் ஓனர் விடமாட்டார்: "அதெல்லாம் சரிங்க, இந்த ஸ்பிரிண்ட்ல முடியுமா முடியாதா?"

"யுபிஐ, கார்டு, கேஷ் ஆன் டெலிவரி மூணும் முடியும்னு நம்பிக்கையா சொல்றேன். வாலட்டைத் தனி ஸ்டோரியா பிரிச்சு வச்சுக்கலாம். சாண்ட்பாக்ஸ் சரியா இருந்தா உள்ள எடுத்துக்கலாம்."

இப்படிச் சொன்னால் அவர் முடிவெடுக்க ஏதுவாகிறது. மாறாக, பயந்துகொண்டு யாருக்கும் தெரியாமல் 16-ஐ 28 ஆக்கிச் சொல்லாதீர்கள். ஒரு குழுவில் நான் அப்படிச் செய்தேன். இரண்டு ஸ்பிரிண்டில் லீட் அதைக் கண்டுகொண்டார். அதன் பிறகு நான் எந்த எண் சொன்னாலும் பாதியாக வெட்டினார், உண்மையிலேயே நேரம் தேவைப்பட்ட ஸ்டோரியிலும்.

ஸ்க்ரம் கைடிலேயே 2011 பதிப்பில், ஸ்பிரிண்டுக்கு எடுக்கும் வேலையைக் குறித்த 'வாக்குறுதி' என்ற சொல் எடுக்கப்பட்டு 'முன்கணிப்பு' என்று மாற்றப்பட்டது. நீங்கள் தருவதும் முன்கணிப்புதான். முன்கணிப்பு மாறலாம், ஆனால் மாறியது தெரிந்த அன்றே சொல்லிவிட வேண்டும். 2-ம் நாள் சொன்னால் ஸ்டோரியைப் பிரிக்கலாம். 9-ம் நாள் சொன்னால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

7. முடிந்ததும் எழுதி வைத்தல்

ஸ்பிரிண்ட் முடிந்த அன்று, ஐந்து துண்டுகளுக்கும் உண்மையில் ஆன மணியைப் பக்கத்தில் எழுதுங்கள். தயார் செய்யும் வேலை ஒவ்வொரு முறையும் மூன்று மணி என்று போட்டு ஆறு மணி ஆகிறதென்றால், அடுத்த ஸ்டோரியில் ஆறு என்றே போடுங்கள். அடுத்த பிளானிங்குக்குப் போகும்போது இந்தத் தாளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்; எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அதைக் காட்டுங்கள்.