இரட்டிக்கும் சொற்கள்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பன்மையையோ அழுத்தத்தையோ காட்ட, பல மொழிகள் சொல்லை முழுதாகவோ ஒரு துண்டாகவோ திரும்பச் சொல்கின்றன. அந்தத் துண்டை எங்கே வெட்டுகிறார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம்.

செய்ய வேண்டியவை

• ஒவ்வொரு எடுத்துக்காட்டையும் அசை பிரித்து எழுதுங்கள். வடக்குப் பிலிப்பைன்ஸின் இலோகானோ மொழியில் கல்டிங் என்றால் ஆடு, கல்கல்டிங் என்றால் ஆடுகள். முதல் அசையை இரட்டித்தால் போதும் போலிருக்கிறது. ஆனால் பூனைக்கான புஸா என்ற சொல்லைப் பாருங்கள். அதன் முதல் அசை பு. பன்மையோ புபுஸா அல்ல, புஸ்புஸா. அடுத்த அசையின் தலையில் நின்ற மெய்யும் சேர்ந்து வந்துவிட்டது. ஆக, இந்த மொழி அசையை நகலெடுக்கவில்லை. மெய், உயிர், மெய் என்ற அச்சு ஒன்றை வைத்துக்கொண்டு, சொல்லின் தொடக்கத்திலிருந்து ஒலிகளை எடுத்து அதை நிரப்புகிறது.

• உறவு மொழியிலும் சோதியுங்கள். டகாலோகில் ஓடுவது தக்போ. ‘ஓடப்போகிறார்’ என்பதற்கு ததக்போ, தக்தக்போ அல்ல. இங்கே அச்சு சிறியது, மெய்யும் உயிரும் மட்டுமே. காட்டுவதும் பன்மை அல்ல, இனி நடக்கப்போவது.

• நன்னூலைத் திறந்து பாருங்கள். மும்மூன்று, நந்நான்கு, பப்பத்து ஆகியவற்றுக்கு அங்கே விதி உண்டு. முன்சொல்லின் முதல் எழுத்து மட்டும் நிற்கும், நெடிலானால் குறுகும், பின்சொல்லின் மெய் இரட்டிக்கும். உயிர் வந்தால் வகரம் தோன்றும்: எவ்வெட்டு. ஒன்பதுக்கு இந்த விதி பொருந்தாது என்பதையும் பவணந்தியார் மறக்காமல் சொல்லிவிட்டார். எவ்வளவு கூர்மையான காது!

செய்யக்கூடாதவை

• இரட்டித்த சொல்லையெல்லாம் பன்மை என்று எழுதிவிடாதீர்கள். இந்தோனேசிய மொழியில் ஓராங் ஆள், ஓராங்-ஓராங் ஆட்கள். ஆனால் கூப்பு-கூப்பு ஒரே ஒரு வண்ணத்துப்பூச்சிதான். மாத்தா கண், மாத்தா-மாத்தா உளவாளி.

• எண்ணுப்பெயர் முன்னால் வரும்போது இரட்டிக்காதீர்கள். இந்தோனேசியர் இரண்டு பேரைத் துவா ஓராங் என்றே சொல்வார்கள். எண்ணே பன்மையைச் சொல்லிவிடுகிறது.

• சலசல, மடமட போன்ற இரட்டைக்கிளவிகளை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். பிரித்தால் தனித்து நின்று பொருள் தர அங்கே சொல் இல்லை. எதை நகலெடுத்தது என்று காட்டவும் முடியாது.

• ஒரே வகைச் சொல்லை வைத்து விதி எழுதாதீர்கள். மெய்யில் முடியும் முதல் அசை, உயிரில் முடியும் முதல் அசை, உயிரிலேயே தொடங்கும் சொல் என மூன்று வகையையும் அந்த மொழி பேசுபவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.