நாணலா, மீனா?

அன்பு மருமகளுக்கு,

அண்ணனோடு ‘அக்ரிகோலா’ ஆடித் தோற்றதைச் சுற்று வாரியாக எழுதி அனுப்பியிருக்கிறாய். ஒவ்வொரு சுற்றிலும் பலகையில் என்ன கிடந்தது என்பதைக்கூடக் குறித்து வைத்திருக்கிறாய். அதனால்தான் இந்தப் பதிலை எழுத முடிகிறது. “எந்தக் கட்டத்தில் முதல் ஆளை வைப்பது என்றே தெரியவில்லை மாமா” என்கிறாய். ஊவே ரோசன்பெர்க் வடிவமைத்த இந்த ஆட்டம் 2007இல் வெளிவந்த நாளிலிருந்து ஆடுகிறவர்கள் எல்லோரையும் குடையும் கேள்விதான் இது. ஒரு கட்டத்தில் ஒருவர் ஆளை வைத்துவிட்டால் அந்தச் சுற்று முடியும்வரை வேறு யாரும் அங்கே போக முடியாது. ஆட்டத்தின் இறுக்கம் முழுவதும் இந்த ஒரு விதியில்தான் இருக்கிறது.

உன் நான்காம் சுற்றை எடுத்துக்கொள்வோம். ஆட்டம் கைமாறியது அங்கேதான். அந்தச் சுற்றை நீதான் தொடங்குகிறாய். உன் கையில் 6 மரம், 1 நாணல், 2 உணவு. அண்ணனிடம் 3 மரம், 5 உணவு. நாணல் ஒன்றுகூட இல்லை. பலகையில் யாரும் எடுக்காமல் 3 நாணல் சேர்ந்திருக்கிறது. மரக் கட்டத்தில் 3 மரம், மீன்பிடிக் கட்டத்தில் 2 உணவு. கூலி வேலைக்குப் போனாலும் 2 உணவு. சுற்று முடிந்ததும் முதல் அறுவடை வருகிறது. ஆளுக்கு 2 உணவு வீதம் உனக்கு 4 வேண்டும். குறைகிற ஒவ்வோர் உணவுக்கும் கடைசியில் 3 புள்ளி போய்விடும்.

நீ மீனை எடுத்தாய். பசிக்கு முதலில் வழி பார்த்தது இயல்புதான். அண்ணன் 3 நாணலையும் அள்ளிக்கொண்டான். நீ வயல் உழுதாய். அவன் மரத்தையும் எடுத்தான். ஒரு புது அறைக்கு 5 மரமும் 2 நாணலும் வேண்டும். சுற்று தொடங்கும்போது அதற்கு மிக அருகில் இருந்தவள் நீ. முடியும்போது 6 மரமும் 3 நாணலும் அவனிடம் இருந்தன.

முதல் ஆளை வைக்கும் முன் பெரும்பாலோர் “எனக்கு எது மிகவும் தேவை?” என்று பார்க்கிறார்கள். நான் வேறு இரண்டைப் பார்ப்பேன். இந்தக் கட்டம் போய்விட்டால் அதே பலனை வேறு எங்கே பெறலாம்? என் அடுத்த முறை வருவதற்குள் இது உண்மையில் போய்விடுமா?

உணவை இப்படிப் பார். உனக்குக் குறைவது 2. மீன்பிடியும் 2 தருகிறது, கூலி வேலையும் 2 தருகிறது. நீங்கள் இருவரே ஆடுவதால், உன் முதல் ஆளுக்கும் இரண்டாம் ஆளுக்கும் நடுவில் அண்ணன் ஒரே ஓர் ஆளைத்தான் வைக்க முடியும். அவன் இரண்டில் ஒன்றை அடைத்தாலும் மற்றது உனக்கு இருக்கிறது. போதாததற்கு, அவனிடம் 5 உணவு இருப்பதால் அந்தப் பக்கம் போக அவனுக்குக் காரணமே இல்லை. ஆகவே உணவு உனக்குக் கட்டாயத் தேவைதான், ஆனால் அவசரம் இல்லை. கட்டாயத்தையும் அவசரத்தையும் ஒன்றாக நினைப்பதால்தான் பலர் இந்த ஆட்டத்தில் சறுக்குகிறார்கள்.

இருவர் ஆட்டத்தில் நாணலுக்கு ஒரே கட்டம்தான், மாற்று கிடையாது. அதில் 3 நாணல் குவிந்திருக்கிறது. அண்ணனிடம் ஒன்றும் இல்லை. அவன் அடுத்து எங்கே கை வைப்பான் என்பது அங்கேயே தெரிகிறது. எல்லோருடைய பொருள்களும் மேசைமேல் வெளிப்படையாக இருக்கின்றன. சீட்டுகளை மட்டும்தான் கையில் மறைத்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் எதிராளிக்கு எது குறைகிறது என்று ஒரு முறை பார்த்துவிடு. அவன் ஆசைப்படும் கட்டம் பெரும்பாலும் அந்தக் குறையை நிரப்புவதாகவே இருக்கும்.

முதல் ஆளை நாணலில் வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? உன்னிடம் 6 மரமும் 4 நாணலும். அண்ணன் மரத்துக்குப் போயிருப்பான். நீ இரண்டாம் ஆளை மீனுக்கோ கூலிக்கோ அனுப்பி 4 உணவோடு அறுவடையைத் தாண்டியிருப்பாய். இரண்டாம் ஆளை வைத்து அப்போதே அறையைக் கட்டிவிடலாமே என்று தோன்றும். கட்டினால் 2 உணவு குறைந்து 6 புள்ளி போகும். அத்தனையும் கொடுத்துக் கட்டினாலும், பிள்ளை பெறும் கட்டம் ஐந்தாம் சுற்றுக்கு முன் வெளிவராதே.

அந்தக் கட்டம் 5, 6, 7 ஆகிய சுற்றுகளில் ஏதோ ஒன்றில் திறக்கும். உங்கள் ஆட்டத்தில் ஐந்திலேயே திறந்தது. நாணல் கையில் இருந்திருந்தால் அந்தச் சுற்றில் உனக்கு இரண்டு வேலை: அறை கட்டுவது, பிள்ளை பெறுவது. அறை இல்லாமல் பிள்ளை பெற முடியாது என்பதால் அறைதான் முதலில் என்பது தெளிவு. ஆனால் நடுவில் அண்ணன் பிள்ளைக் கட்டத்தை அடைத்துவிடுவானோ என்று பயம் வரும். வேண்டாம். ஒரு கட்டத்தின் வேலையைச் செய்ய முடியாதவர், சும்மா மறிப்பதற்காக அங்கே ஆளை வைக்க விதி இடம் தருவதில்லை. அவனிடம் கூடுதல் அறை இல்லை. ஆகவே அந்தக் கட்டம் உனக்காகக் காத்திருக்கும். அறை கட்டும் கட்டம் அப்படி அல்ல. அங்கே 2 மரம் கொடுத்து ஒரு தொழுவம் போட்டுக்கூட அவன் இடத்தைப் பிடிக்கலாம். ஒரு கட்டம் பறிபோகுமா என்று கணக்கிடும்போது எதிராளியின் ஆசையோடு அவனால் முடியுமா என்பதையும் சேர்த்துப் பார்.

ஐந்தில் பிறந்த பிள்ளை ஆறாம் சுற்றிலிருந்து வேலைக்கு வரும். மொத்தம் 14 சுற்று என்பதால் 9 வேலை கூடுதலாகக் கிடைக்கும்; அதைத் தவிர, கடைசியில் அந்த ஆளுக்கு 3 புள்ளி. நீ மீனுக்காக விட்டுக்கொடுத்த நாணலின் விலை இவ்வளவு. ஐந்தாம் சுற்றில் நீ ஒற்றை நாணலை எடுக்கப் போனதும் அண்ணன் அறையைக் கட்டி, அடுத்த ஆளால் பிள்ளையும் பெற்றுவிட்டான்.

இந்தக் கணக்கு எங்கே பொய்க்கும் என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று பேர் ஆடினால், ஆளுக்கு இரண்டு பேர் இருக்கும்போது, உன் இரண்டு ஆட்களுக்கும் நடுவில் இருவர் வைப்பார்கள். மீன், கூலி இரண்டும் போய்விட வாய்ப்பு உண்டு. அப்போது மற்ற இருவரிடமும் எவ்வளவு உணவு இருக்கிறது என்று எண்ணு. இருவருக்கும் பசி என்றால் உணவும் அவசரமாகிவிடும்.

மறிப்பதற்கென்றே ஆளை வைப்பவர்களும் உண்டு. அண்ணன் நான்காம் சுற்றில் தொடக்க ஆட்டக்காரர் கட்டத்தைப் பிடித்து, ஐந்தாம் சுற்றில் முதலாவதாகத் தொழுவம் போட்டு உன்னைத் தடுத்திருக்க முடியும். அதற்கு இரண்டு ஆட்களையும் 2 மரத்தையும் செலவழித்து உன்னை ஒரு சுற்றுதான் தாமதப்படுத்துவான். தனக்கும் பயன்படும் கட்டத்தில் மறிப்பவனுக்குத்தான் நான் அஞ்சுவேன். நாணலை எடுத்தபோது அண்ணன் அப்படித்தான் மறித்தான்.

இருவருக்கும் அறை தயாராகிவிட்ட ஆட்டங்களும் உனக்கு வரும். அப்போது பிள்ளைக் கட்டம் சுற்றுக்கு ஒருவருக்குத்தான். முதலில் ஆடுகிறவர் எடுத்துக்கொள்வார். அதற்கு முந்தைய சுற்றிலேயே தொடக்க ஆட்டக்காரர் கட்டத்துக்கு ஓர் ஆளை ஒதுக்கு. அது மற்ற நேரங்களில் வீண்போல் தெரியும் கட்டம். எடுத்த சுற்றில் ஆட்ட வரிசையும் மாறாது. ஏழாம் சுற்று நெருங்கியும் பிள்ளைக் கட்டம் வெளிவரவில்லை என்றால், அடுத்து வரப்போவது அதுதான் என்று அண்ணனுக்கும் தெரிந்திருக்கும். அந்த ஆறாம் சுற்றில் உன் முதல் ஆள் போக வேண்டிய இடம் தொடக்க ஆட்டக்காரர் கட்டம்தான்.

அடுத்த ஆட்டத்தின் குறிப்பையும் இதேபோல் எழுதி அனுப்பு.

அன்புடன்,
மாமா