ஆஸ்துமாத் தாக்குதலுற்ற குழந்தைக்கான செவிலியப் பராமரிப்புத் திட்டம்

மார்கழி மாத இரவொன்றில், 7 வயதும் 20 கிலோ எடையும் உடைய சிறுவன் ஒருவன் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்படுகிறான் எனக் கொள்வோம். படுக்க வைத்தால் அவன் உடனே எழுந்துவிடுகிறான். கைகளை முழங்கால்களின்மேல் ஊன்றி முன்புறம் சாய்ந்து அமர்கிறான். பெயரைக் கேட்டால் ஒரு சொல் சொல்வதற்குள் மூச்சு வாங்குகிறது. விலா எலும்புகளின் இடைப்பகுதி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்வாங்குகிறது. நிமிடத்திற்கு மூச்சு 44, நாடித்துடிப்பு 140, இரத்த ஆக்சிஜன் செறிவு 89 விழுக்காடு. திட்டத்தின் முதற்பகுதியான மதிப்பீட்டில் இவையனைத்தும் நேரத்துடன் குறிக்கப்பட வேண்டும்.

மூச்சுக்குழல்கள் சுருங்கியதாலும் அவற்றில் சளி அடைத்ததாலும் வாயுப் பரிமாற்றம் குறைந்துள்ளது என்பது செவிலியக் கண்டறிதல். அடுத்து எழுதப்படும் இலக்கில்தான் மாணவர் பெரும்பாலும் தவறுகின்றனர். ‘குழந்தையின் மூச்சு சீராகும்’ என்று எழுதினால், இலக்கு எட்டப்பட்டதா என்பதை அடுத்த பணிநேரச் செவிலியர் அறிய இயலாது. ‘ஒரு மணி நேரத்திற்குள் ஆக்சிஜன் செறிவு 94 விழுக்காட்டிற்குக் குறையாமல் இருக்கும், குழந்தை முழு வாக்கியமாகப் பேசும்’ என எழுதினால் எவரும் சரிபார்க்கலாம்.

செயற்பாடுகளில் முதலாவது, குழந்தையை நிமிர்ந்த நிலையில், தாயின் மடியிலேயே கூட, அமர்த்துவது. அழுகை மூச்சின் தேவையை மிகுவிக்கும்; ஆதலால் தாயைப் பிரிக்கலாகாது. மருத்துவரின் ஆணைப்படி ஆக்சிஜன் அளித்து, சால்புட்டமால் மருந்தை 20 நிமிடத்திற்கு ஒருமுறை முதல் ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை கொடுப்பர். வீக்கத்தைக் குறைக்கும் பிரெட்னிசோலோன் பயன்தரச் சில மணி நேரம் ஆகும். அதனாலேயே அது தொடக்கத்திலேயே கொடுக்கப்படுகிறது. சால்புட்டமாலால் கை நடுக்கமும் படபடப்பும் தோன்றலாம் என்று பெற்றோரிடம் முன்னரே கூறிவிடுவது நன்று.

ஒவ்வொரு தடவைக்குப் பின்னும் மறுமதிப்பீடு செய்தல் வேண்டும். இரைப்பொலி குறைந்ததைக் கண்டு மகிழ்வதற்குமுன் குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒலி குறைந்து, குழந்தை தெளிவாகப் பேசினால் அது முன்னேற்றம். ஒலி அடங்கி, குழந்தை சோர்ந்து உறக்கநிலைக்குச் சென்றால், ஒலி எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று செல்லவில்லை என்பது பொருள். இது ‘அமைதியான மார்பு’ எனப்படும். அந்நிலையில் குழந்தையை விட்டு அகலாமல் மருத்துவரை உடனே அழைக்க வேண்டும்.

குடும்பத்திற்கான கற்பித்தலை இந்த இரவில் தொடங்குவதில் பயனில்லை. அஞ்சிய தாயின் நினைவில் எதுவும் நில்லாது. மறுநாள் காலை, குழந்தை இட்லி உண்ணும் நிலைக்கு வந்தபின் தொடங்கலாம். ‘தாய்க்கு இன்ஹேலர் பற்றி விளக்கப்படும்’ என்பது செவிலியரின் பணியேயன்றி இலக்கன்று. ‘வீடு திரும்புமுன், தாய் பிறர் உதவியின்றி ஸ்பேசருடன் இன்ஹேலரைச் சரியாகக் கொடுத்துக் காட்டுவார்’ என்பதே இலக்கு.

“இதைப் பழக்கினால் காலம் முழுக்க விட முடியாது என்கிறார்களே, சிஸ்டர்?” என்று தாய் கேட்கிறார். இவ்வச்சத்தை நீக்காமல் செய்முறையைக் கற்பித்தால், வீட்டில் இன்ஹேலர் அலமாரியிலேயே இருக்கும். “இது அடிமைப்படுத்தும் மருந்தன்று, அம்மா. குழாயில் இழுக்கும்போது குறைந்த அளவே நேராக நுரையீரலுக்குப் போகிறது” என்று செவிலியர் விளக்குகிறார். பின்னர் இன்ஹேலரைக் குலுக்கி, ஸ்பேசரில் பொருத்தி, ஒருமுறை அழுத்தி, குழந்தை வாய்வழியே ஐந்தாறு முறை மூச்சுவிடும்வரை காத்திருந்து, மீண்டும் குலுக்கி அடுத்ததைக் கொடுத்துக் காட்டுகிறார்.

தாய் செய்து காட்டும்போது இருமுறை தொடர்ந்து அழுத்திவிடுகிறார். இவ்வாறு செய்தால் மருந்துத் துளிகள் ஒன்றுகூடி ஸ்பேசரின் சுவரில் படிந்து வீணாகும். மதிப்பீட்டுப் பகுதியில் ‘கற்பிக்கப்பட்டது’ என எழுதிவிடாமல், ‘இலக்கு எட்டப்படவில்லை, மாலையில் மீண்டும்’ என்று செவிலியர் பதிவுசெய்கிறார். மாலையில் தாய் பிழையின்றிச் செய்கிறார். ஸ்பேசரைச் சோப்பு நீரில் கழுவித் துடைக்காமல் உலர்த்த வேண்டும் என்பதும் அப்போது சொல்லப்படுகிறது. துணியால் துடைத்தால் நிலைமின்னூட்டம் உண்டாகி மருந்தை ஈர்த்துக்கொள்ளும்.

தூண்டுபவை பற்றிய பேச்சில், படுக்கையறையில் இரவெல்லாம் கொசுவர்த்திச் சுருள் எரிவது தெரியவருகிறது. அதற்கு மாற்றாகக் கொசுவலையைத் தாயே முன்மொழிகிறார். திட்டத்தில் அவர் சொற்களிலேயே அது எழுதப்படுகிறது.

வீடு திரும்பும் நாளில், மீண்டும் வரவேண்டிய அறிகுறிகள் ஒரு தாளில் தமிழில் எழுதித் தரப்படுகின்றன: சால்புட்டமால் கொடுத்து நான்கு மணி நேரத்திற்குள் மறுபடி இரைப்பு வருதல், பேச இயலாமை, விலா இடை உள்வாங்குதல், உதடு நீலமாதல். தாய் அவற்றைத் தாளைப் பாராமல் சொல்கிறார். ஒன்றை மறந்தபோது சிறுவனே எடுத்துக்கொடுக்கிறான். அதுவும் மதிப்பீட்டில் பதிவாகிறது.